ஒன்பதாம் பக்கம்

என் படப் புத்தகத்தில் ஒன்பது பக்கங்கள். பேசப் போகிற இடத்தில் மேசை மேல் நிற்க வைத்துப் புரட்டுகிற பெரிய அட்டைப் புத்தகம் அது. எட்டுப் பக்கங்களின் ஓரம் கட்டைவிரல் பட்டுப் பட்டு அழுக்கேறிவிட்டது. ஒன்பதாவது மட்டும் நேற்று அச்சடித்தது போலப் புதுசாகவே கிடந்தது ரொம்ப நாள். அது ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் கிராம நர்ஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். எனக்கு வாய் நீளம் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். சொல்லட்டும், அந்த வாய்தான் என் பிழைப்பு. ஊசி போட யாரும் கற்றுக்கொள்ளலாம், முப்பது பெண்களை ஒரு மணி நேரம் கொட்டாவி விடாமல் உட்கார வைக்க எல்லோராலும் ஆகாது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது.

போன வருஷம் நான் போகிற ஊர் ஒன்றின் மகளிர் குழு என்னைக் கூப்பிட்டது. மாதவிடாய் நிற்கிற வயதைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள் குழுத் தலைவி. ஊர்ப் பொதுக்கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று அலங்காரத்துக்கு. நாலு மணிக்குத் தண்ணீர்க் கமிட்டி ஆண்களுக்குக் கூடம் வேண்டுமாம். அதற்குள் முடிக்க வேண்டும் என்று சாவி வைத்திருந்த கிளார்க் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

ஆரம்பித்தேன். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் சில வருஷம் அது தன் இஷ்டத்துக்கு ஆடும். உடம்பு திடீரென்று கொதிக்கும், வேர்க்கும், தூக்கம் வராது, கோபம் மூக்கு மேல் நிற்கும், மூட்டு வலிக்கும், கீழே வறண்டு போகும். எல்லாம் சொன்னேன். ஆறாம் பக்கத்தில் எனக்கே அது வந்துவிட்டது. அப்போது எனக்கு ஐம்பத்தொன்று. மார்பிலிருந்து சூடு குப்பென்று ஏறி, முகம் சிவந்து, வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. முப்பது பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

"படத்துல பார்த்தா புரியாதுன்னு நேர்லயே காட்டறேன், பார்த்துக்கோங்க" என்றேன்.

கூடம் அதிரச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த தையல்காரக்கா எழுந்து வந்து தன் முந்தானையால் எனக்கு விசிறினாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறவள் அவள். பருமனான உடம்பு, கழுத்தில் எப்போதும் அளவு டேப். "விடுங்க நர்ஸம்மா, எனக்கு இதெல்லாம் வந்து போய் நாலு வருஷம் ஆச்சு. நான் பாஸ்" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

"இந்த வயசுல தூரம் முன்னப் பின்னதான் வரும். ரெண்டு மாசம் நிக்கும், திரும்ப வரும். யாரும் பயப்படாதீங்க, இது இயற்கை" என்றேன். அப்போது கிளார்க் கதவைத் தட்டினார். வாசலில் ஆண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். குழுவின் செயலாளர் எழுந்து போய், அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவரோடு மல்லுக்கட்டினாள். அஞ்சு நிமிஷம் கிடைத்தது. அது போதுமானது.

ஒன்பதாம் பக்கம்தான் பாக்கி. எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்கிற பக்கம். ஆனால் பெண்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நல்ல சிரிப்புக்கு மேல் நோயைப் பற்றிப் பேசி முகத்தைச் சுருங்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் என்று ஆண்கள் காதில் விழப் பேசவும் கூசியது. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடினேன்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம். யார் வந்து பேசினாலும் சாரத்தை அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதிவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். நோட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்கக் கூடாது. எழுதுகிற செயலாளர் தையல்காரக்காவின் மருமகள்தான். வீட்டிலேயே கொஞ்சம் படித்தவள் அவள்தான், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊரில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அவள் வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்க்கச் சொல்வார்கள். நான் போகிற ஊர்களில் இப்படி ஒழுங்கான குழு வேறு கிடையாது.

அடுத்த தடவை என்பது பதினொரு மாசம் கழித்து வந்தது. நடுவில் தடுப்பூசி முகாம், கணக்கெடுப்பு, என் மகளின் பிரசவம். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அதே பேச்சை மறுபடியும் பேச வேண்டும் என்றாள் தலைவி. முதலில் போன வருஷக் குறிப்பைப் படிக்கச் சொன்னாள். மருமகள் எழுந்து நின்று படித்தாள்.

"இந்த வயதில் ரத்தப்போக்கு முன்னும் பின்னுமாக இருக்கும். நின்று நின்று வரும். யாரும் பயப்பட வேண்டாம், இது இயற்கை என்று நர்ஸ் அவர்கள் விளக்கினார். உறுப்பினர்கள் மகிழ்ச்சியுடன் கேட்டுப் பயனடைந்தனர்."

அவ்வளவுதான். என் ஒரு மணி நேரம் நான்கு வரியாகச் சுருங்கியிருந்தது. கேட்கும்போதே எனக்கு எதுவோ உறுத்தியது. அதற்குள் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"நோட்டுல சொன்னது சரிதான் நர்ஸம்மா. நம்ம தையக்காரக்காவுக்கு வயசு திரும்பிடுச்சு. மறுபடியும் குமரியாயிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரக்காவும் சிரித்தாள். இது அங்கே மாசக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிற பழைய ஜோக் என்பது சிரித்த விதத்திலேயே தெரிந்தது. நானும் பாதி சிரித்துவிட்டேன். அந்தப் பாதிச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே அவளைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரிந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்குத் தன் அளவு குறைந்தது தெரியவில்லையா என்று நினைத்தேன்.

"அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று அவளைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குக் கூட்டிப் போனேன். மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்த இடுக்கில் இரண்டு பேரும் நின்றோம்.

"எத்தனை மாசமா?"

"என்னது?"

"விளையாடாதீங்க அக்கா. ரத்தம்."

"அதுவா. ஒரு ஒம்பது மாசம் இருக்கும். முதல்ல பொட்டுப் பொட்டாத்தான் பட்டுச்சு. இப்போ அதிகம். வெட்டின துணிதான் வீட்ல மலையா கெடக்கே, அதை மடிச்சு வச்சுக்கறேன். ஸ்டூல் மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு போட்டுட்டு உக்காந்து தைக்கறேன்."

"நின்னு அஞ்சு வருஷம் ஆச்சு உங்களுக்கு. போன வருஷம் நீங்களே சொன்னீங்க. அத்தனை வருஷம் கழிச்சு வர்றது உங்களுக்கு வித்தியாசமாப் படலையா?"

"பட்டுச்சே. அதான் மருமககிட்ட கேட்டேன். அவ நோட்டைப் பார்த்து, நர்ஸம்மா பயப்பட வேணாம்னு சொல்லியிருக்காங்க அத்தைன்னு படிச்சா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஒரு நாத்தம் வருது நர்ஸம்மா. பவுடர் போட்டு சமாளிக்கறேன். அடிவயிறு வேற இழுக்குது."

பன்னிரண்டு மாசம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்தின் முதல் வரி அதுதான். கொட்டை எழுத்தில் இருக்கும்.

"நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வர்றேன்" என்றேன். "பத்து பேருக்கு இப்படி வந்தா ஒம்பது பேருக்குச் சாதாரண காரணமாத்தான் இருக்கும். ஆனா பார்த்துடணும்."

சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது பேரில் இவள் இருப்பாள் என்று எனக்கே தோன்றவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்தது, பருத்த உடம்பு திடீரென்று இளைத்திருந்தது, நாற்றம் வேறு.

கூடத்துக்குத் திரும்பி வந்து நேரே ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். புது அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் பிரித்தேன். முப்பது முகங்களும் என்னைப் பார்த்தன. அந்த இடத்தில் நான் செய்த காரியத்துக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

"ஏற்கெனவே சொன்னதுதான்" என்றேன். "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்றேன், கவனமாக் கேளுங்க."

ஏற்கெனவே சொன்னதாம். எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பயந்துவிட்டேன். அந்த ஒரு வரியால் தப்பு என் தலையிலிருந்து இறங்கிப் போய் நோட்டில் உட்கார்ந்துகொண்டது. முப்பது பேரும் மருமகள் பக்கம் திரும்பினார்கள். அவள் நோட்டைப் புரட்டினாள், ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். பதினொரு மாசத்துக்கு முன்னால் கேட்டது யாருக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கும். நோட்டில் இல்லை, அவ்வளவுதான்.

"நான் அப்போ கிளார்க்கோட பேசறதுக்கு வாசலுக்குப் போனேன்" என்றாள் மெதுவாக. "அப்போ சொல்லியிருப்பாங்க."

நான் அதை மறுக்காமல் பக்கத்தைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். நிற்காதவர்களுக்கும் ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளைத் தாண்டிப் போனால், நடுவில் பட்டால், உறவுக்குப் பிறகு பட்டால் போக வேண்டும். நாற்பதுக்கு முன்னாலேயே நின்றுபோனால் போக வேண்டும். மனசு வாரக்கணக்கில் விழுந்தே கிடந்தாலும் போக வேண்டும், அதுவும் உடம்புதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் பால் அளக்கிறவள் கையைத் தூக்கினாள்.

"எனக்கும் ரெண்டு மாசமா பொட்டு பொட்டா படுது நர்ஸம்மா. எனக்கு நின்னு மூணு வருஷம்." அக்காவைக் குமரி என்று கேலி செய்தவள் அவள்தான்.

மறுநாள் இரண்டு பேரையும் கூட்டிப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் உள்ளே பரிசோதித்தார், ஸ்கேன் பார்த்தார், கர்ப்பப்பையின் உட்பக்கத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து அனுப்பினார். பால் அளக்கிறவளுக்கு உள்ளே சிறு சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் பரிசோதித்து, கெடுதல் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தையல்காரக்காவுக்குப் புற்று. வேறு ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலிலும் புள்ளிகள் தெரிந்தன.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, மகனையும் மருமகளையும் வைத்துக்கொண்டு சொன்னார். நல்லவர்தான், கடிந்தெல்லாம் பேசவில்லை.

"ரத்தம் பட்ட உடனே வந்திருந்தா பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்தே சரி பண்ணியிருக்கலாம். இப்போ மருந்து குடுத்துக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

தையல்காரக்கா என்னைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

"நர்ஸம்மா போன வருஷமே சொல்லியிருக்காங்க டாக்டர். இவதான் எழுதாம விட்டுட்டா. நான் கேட்டப்பவும் ஒண்ணுமில்லன்னு படிச்சுக் காட்டினா."

மகன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அவளுக்கும் இடையே ஒரு குளுக்கோஸ் ஸ்டாண்டுதான். நான் வாயைத் திறந்தேன். திறந்து, "இப்போ அதையெல்லாம் பேச வேண்டாம் அக்கா, உடம்பைப் பாருங்க" என்றேன். பெரிய மனுஷி மாதிரி. நீளமான வாய் என்று பெயரெடுத்த வாய் அது.

காரணம் சொல்ல எனக்கு எத்தனையோ இருந்தது. நோயாளியைக் கலவரப்படுத்தக் கூடாது. விசாரணை வந்தால் வேலை போகும், பென்ஷனும் போகும். நர்ஸ் பேச்சில் நம்பிக்கை போய்விட்டால் நாளைக்கு யார் தடுப்பூசிக்கு வருவார்கள். ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ராத்திரியில் தனியாக உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நிற்காது.

அஞ்சு மாசம் இருந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு சுற்று மருந்தோடு உடம்பு தாங்காமல் நிறுத்திவிட்டார்கள். தையல் மிஷினை ஒரு ஓரமாகத் தள்ளி அந்த இடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். மருமகள்தான் துடைத்தாள், துணி மாற்றினாள், கஞ்சி காய்ச்சினாள். ஆனால் அதை மகன் கையில் கொடுத்தால்தான் தையல்காரக்கா குடிப்பாள். மருமகளோடு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். அவள் உள்ளே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு தடவை மருமகள் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தாள். "நர்ஸம்மா, அன்னைக்கு நீங்க சொல்லும்போது நான் எவ்வளவு நேரம் வெளியே நின்னிருப்பேன்? நீளமாவா சொன்னீங்க? எனக்கு ஒண்ணுமே காதுல விழலையே" என்றாள். நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவினேன். "விடும்மா, நீ வேணும்னேவா பண்ணினே?" என்றேன். அவள் தப்புச் செய்தவள் என்று என் வாயாலேயே முத்திரை குத்திவிட்டு வந்தேன்.

கடைசி நாளிலும் அக்கா மருமகளிடம் பேசவில்லை. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

அது முடிந்து ஒரு மாசத்தில் குழுக் கூட்டம். தலைவி என்னையும் வரச் சொல்லியிருந்தாள். அதே கூடம், இப்போது இரண்டு மின்விசிறியும் ஓடவில்லை. முன்வரிசையில் ஓர் இடத்தைக் காலியாகவே விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பால் அளக்கிறவள் எழுந்து நின்றாள்.

"நர்ஸம்மா மட்டும் அன்னைக்கு ரெண்டாவது தடவையும் பொறுமையா எடுத்துச் சொல்லலைன்னா நானும் போயிருப்பேன். என் உசிர காப்பாத்தினாங்க" என்று அழுதாள்.

தலைவி கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். மருமகளும் தட்டினாள். பிறகு அவள் எழுந்து தீர்மான நோட்டைத் தலைவி முன்னால் வைத்தாள்.

"இனிமே வேற யாராவது எழுதட்டும். எனக்கு எழுத வராது. வீட்லயும் வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவள் கணவன் அவளோடு பேசி மூன்று மாசம் ஆகிறது என்று தலைவி எனக்கு முன்னமே சொல்லியிருந்தாள்.

கைதட்டல் இன்னும் முழுசாக ஓயவில்லை. அந்தச் சத்தத்தில்தான் நான் முதல் நாள் புத்தகத்தை மூடினேன். எனக்கு உடம்பு குப்பென்று வேர்த்தது. வழக்கமாக வருகிற வேர்வையா, வேறா, தெரியவில்லை.

"நோட்டை எடும்மா" என்றேன். "ஒண்ணு எழுதணும்."

அவள் நின்றாள்.

"போன வருஷம் நான் அதைச் சொல்லவே இல்ல. நீ வாசல்ல நின்னப்பவும் சொல்லல, வந்து உக்காந்தப்பவும் சொல்லல. நீங்கள்லாம் சிரிச்சீங்க, கைதட்டினீங்க, நான் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே போயிட்டேன். ஏற்கெனவே சொன்னேன்னு சொன்னது பொய். ரத்தத்தைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் நோட்டுல இருக்கு. நீ சரியாத்தான் எழுதினே."

பால் அளக்கிறவள் மெதுவாக உட்கார்ந்தாள். மருமகள் நோட்டை எடுத்துப் பாயில் வைத்து, பக்க எண்ணைப் பார்த்து, தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். இடையில் ஒரு தடவை, "திறக்காமலே போயிட்டேன், சரியா?" என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். எழுதி முடித்து, எழுந்து நின்று, போன கூட்டங்களில் படித்த அதே குரலில் படித்தாள். பிறகு கையெழுத்துக்காக நோட்டை என் பக்கம் நீட்டினாள்.

நான் போட்டேன். பேனாவை வாங்கும்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை அத்தை இருக்கும்போது சொல்லியிருக்கலாமே நர்ஸம்மா" என்றாள்.

நோட்டை அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு முடிக்கிறவரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.